பழைய வி.எச்.எஸ் காட்சியில் முகம் மாற்றுவதற்கு முன்: டீஇன்டர்லேஸும் சுத்தம் செய்தலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீழே உள்ள பதில்களில் ஒரே ஒரு காட்சியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1990களில் வி.எச்.எஸ் கேசட்டில் பதிவான ஒரு கூட்டம். அதில் 40 வினாடி பேசும் ஒருவர், ஆவணப்படத்தில் தன் முகம் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முகத்தை மங்கலாக்கினால் பேச்சின் உணர்ச்சி போய்விடும். அதனால் எழுத்துமூலம் சம்மதம் கொடுத்த வேறொருவரின் முகத்தை அதில் பொருத்துகிறோம். படத்தில் அது மாற்றிய முகம் என்ற அறிவிப்பும் வரும். இந்த வேலையில் ஒரு ஃபிரேமில் நிஜ முகம் எட்டிப்பார்த்தால்கூட மொத்தமும் வீண். சுத்தம் செய்வதில் எது தேவை, எது தேவையில்லை என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறேன்.

கேசட்டிலிருந்து எடுத்த வீடியோவை அப்படியே முகமாற்று மென்பொருளில் போட்டால் என்ன ஆகும்?

வேலை செய்வது போலத்தான் தெரியும். ஆனால் முகம் தலையில் ஒட்டாமல் ஆடும்.

பி.ஏ.எல் வீடியோ வினாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டுகள் பின்னியிருக்கின்றன. ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடிப்பொழுதைக் காட்டும், இரட்டைப்படை வரிகள் அதற்கு 1/50 வினாடி தள்ளிய இன்னொரு பொழுதைக் காட்டும். பேசுபவர் தலையைத் திருப்பினால் அந்த இடைவெளியில் மூக்கு சில பிக்சல் நகர்ந்துவிடும், எனவே ஒரே ஃபிரேமில் இரண்டு மூக்கு, சீப்புப் பல் போல. முகத்தைத் தேடும் மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ புள்ளி வைக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை பிறகுதான் வரும். மென்பொருள் உருவாக்கும் புது முகத்தில் சீப்புப் பல் இருக்காது, ஒரே பொழுதின் முகம் அது. சுற்றியுள்ள முடியிலும் தோளிலும் இரண்டு பொழுதுகள் அப்படியே இருக்கும். டிவியோ பிளேயரோ அந்த வீடியோவை டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்து, காட்டும்போது தலை வினாடிக்கு 50 முறை நகரும், முகம் மட்டும் 25 முறைதான் நகரும். முகமூடி வழுக்குவது போல இருக்கும். புது முகத்தின் எல்லையைக் குறிக்கும் மாஸ்க்கை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது, ஏனென்றால் கோளாறு மாஸ்க்கில் இல்லை.

என் கோப்பு இன்டர்லேஸ்தானா, எந்த ஃபீல்டு முதலில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோப்பின் விவரக் குறிப்பை நம்ப வேண்டாம், அது பல நேரம் தவறாக இருக்கும். முதல் சோதனைக்கு இது போதும்:

```
ffmpeg -i tape.avi -vf idet -frames:v 1000 -an -f null -
```

கடைசியில் `Multi frame detection` என்ற வரியில் TFF, BFF, Progressive என்று எண்கள் வரும். TFF என்றால் மேல் ஃபீல்டு முதலில், BFF என்றால் கீழ் ஃபீல்டு முதலில், Progressive என்றால் இன்டர்லேஸ் இல்லை. எது பெரிதோ அதுதான் விடை. அசைவில்லாத காட்சியாக இருந்தால் இதுவும் குழம்பும், எனவே யாராவது கையை வீசும் பகுதியைக் கொடுங்கள். பொதுவாக DV கேம்கார்டர் வழியாக வந்தவை BFF. அனலாக் கேப்சர் கருவிகள் பெரும்பாலும் TFF தரும்.

கண்ணால் பார்த்து உறுதி செய்வதே கடைசித் தீர்ப்பு. டீஇன்டர்லேஸ் செய்து 50 ஃபிரேமாக வந்ததை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். கை ஒரே திசையில் போனால் சரி. முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று தள்ளாடினால் வரிசை தலைகீழ், கீழே வரும் ஸ்கிரிப்டில் `AssumeTFF` இருக்கும் இடத்தில் `AssumeBFF` போடுங்கள்.

எடிட்டிங் மென்பொருளிலேயே டீஇன்டர்லேஸ் இருக்கிறதே. இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக்கில் yadif ஃபில்டர் இருக்கிறது. ஏவிசிந்த்தில் ஓடும் QTGMC என்ற டீஇன்டர்லேஸருக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டும்?

சாதாரணமாகப் பார்ப்பதற்கு yadif, bwdif போதும். முகம் மாற்றுவதற்குப் போதாது. காரணம் கண் இமை.

நம் காட்சியில் நெற்றியிலிருந்து தாடை வரை முகம் சுமார் 70 பிக்சல் உயரம். அந்த அளவில் திறந்த கண்ணின் உயரம் ஏறக்குறைய 4 வரி. ஒரு ஃபீல்டுக்கு அதில் பாதிதான், அதாவது 2 வரி. மேல் ஃபீல்டில் இமைக்கோடு விழும், கீழ் ஃபீல்டில் அது இரண்டு வரிகளுக்கு நடுவே தப்பிவிடும். எளிய முறையில் ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனியாக முழு ஃபிரேமாக நீட்டினால், இமையும் உதட்டுக்கோடும் ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் மங்கும், மறுபடி வரும். டிவியில் பார்க்கும்போது லேசான மினுமினுப்பு, அவ்வளவுதான். முகப்புள்ளிகளைக் குறிக்கும் மென்பொருளோ ஒவ்வொரு ஃபிரேமிலும் கண்ணை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்கும். விளைவு, புது முகம் நிற்காமல் நடுங்கும்.

QTGMC முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளில் அசைவைப் பின்தொடர்ந்து, இந்த ஃபீல்டில் இல்லாத வரியை அங்கிருந்து எடுத்து நிரப்புகிறது. மினுமினுப்பு அடங்கிவிடும். இதற்காகத்தான் அந்த மெதுவான ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். `Preset="Slower"` போதும். அதற்கு மேல் போனால் நேரம்தான் கூடும், 70 பிக்சல் முகத்தில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. காட்சி வெட்டும் இடங்களில் பின்தொடர எதுவும் இருக்காது. ஒவ்வொரு ஷாட்டின் முதல் இரண்டு மூன்று ஃபிரேம்களையும் கடைசி இரண்டு மூன்றையும் தனியாகப் பாருங்கள், ஆவி போன்ற படிவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

50 ஃபிரேம் வேண்டுமா? 25 ஆகவே வைத்தால் பாதி வேலை மிச்சமாகுமே.

மிச்சமாகும்தான். இறுதிப் படம் 25 ஃபிரேமில், சினிமா போலத் தெரிய வேண்டும் என்றால் தாராளமாக 25 வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய கேசட்டின் அசைவு வழவழப்பாக இருப்பதே 50 பொழுதுகள் இருப்பதால்தான். 25 ஆக்கியதும் பார்ப்பவர்களுக்கு ஏதோ மாறிவிட்டது என்று தோன்றும், அந்தச் சந்தேகம் முகத்தின் மேல் போய் விழும். நான் 50 வைப்பேன். 40 வினாடிக்கு 2000 ஃபிரேம், அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. அடுத்தடுத்த ஃபிரேம்களில் முகம் குறைவாக நகர்வதால் பின்தொடர்வதும் எளிது.

என்னிடம் இருப்பது யாரோ 1080 அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்த எம்.பி.4. அதில் கோடு கோடாகத் தெரிகிறது. டீஇன்டர்லேஸ் செய்தும் போகவில்லை.

டீஇன்டர்லேஸ் செய்யாமலேயே பெரிதாக்கியிருக்கிறார்கள். 576 வரியை 1080 ஆக இழுத்தபோது இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இனி எந்த வரி எந்தப் பொழுதைச் சேர்ந்தது என்று பிரிக்க வழியில்லை. கேசட்டோ முதல் கேப்சரோ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இதைக் காப்பாற்றுவதற்குச் செலவிடும் நேரத்தில் கேசட்டை மறுபடி ஓட்டிவிடலாம்.

மறுபடி கேப்சர் செய்யும்போது இழப்பில்லாத முறையில், 4:2:2 நிறத்தில், 720×576 இன்டர்லேஸாகவே எடுங்கள். ஹஃப்ஒய்யூவி, எஃப்எஃப்வி1 எதுவானாலும் சரி. படத்தின் ஓரங்கள் இடம் வலமாக நெளிந்தால் டைம்பேஸ் கரெக்டர் உள்ள வி.சி.ஆர் தேவை. அந்த நெளிவைப் பிறகு மென்பொருளில் நேராக்குவது நடக்காத காரியம்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்? ஒரு ஸ்கிரிப்ட் கொடுங்கள்.

டீஇன்டர்லேஸ், ஓரம் வெட்டுதல், நாய்ஸ் நீக்கல், கடைசியில் அளவு மாற்றம். முதலில் அளவை மாற்றினால் மேலே சொன்ன எம்.பி.4 கதைதான். ஏவிசிந்த் ஸ்கிரிப்ட் இது:

```
AviSource("tape.avi")
ConvertToYV16()
AssumeTFF()
QTGMC(Preset="Slower")
Crop(8, 0, -8, -12)
b = last
a = b.SMDegrain(tr=2, thSAD=300, thSADC=600)
a = a.Spline36Resize(768, 564)
b = b.Spline36Resize(768, 564)
return a
```

கீழே வெட்டியிருக்கும் 12 வரிகளில் இருப்பது ஹெட் மாறும் இடத்தின் கிழிசல். வி.எச்.எஸ் எல்லாவற்றிலும் இருக்கும், பழைய டிவி அதைத் தன் சட்டத்துக்குள் மறைத்துக்கொள்ளும். எத்தனை வரி என்பது கேசட்டுக்குக் கேசட் மாறும், பார்த்து வெட்டுங்கள்.

704 அகலத்தை 768 ஆக்குவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் இது முக்கியம். பி.ஏ.எல் பிக்சல் சதுரமில்லை. அப்படியே கணினியில் எடுத்தால் முகம் சற்று ஒடுங்கித் தெரியும். முகத்தை நேராக்கி அமைக்கும் கணக்கு, சுழற்றும், நகர்த்தும், சமமாகப் பெரிதாக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் நீட்டாது. எனவே ஒடுங்கிய தலையில் சரியான அகலமுள்ள முகத்தைப் பொருத்தி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நீட்டினால் முகம் மட்டும் அகன்றுவிடும். என்.டி.எஸ்.சி-யில் இதற்கு நேர்மாறு, அங்கே 704×480 என்பது 640×480 ஆக வேண்டும்.

எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும்? நாய்ஸ் எல்லாம் போன பிறகு தோல் மெழுகு போல ஆகிவிடுகிறது.

மென்பொருள் ஒரு ஃபிரேமிலும் முகத்தைத் தவறவிடாத அளவுக்கு. அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

மேலே உள்ள ஸ்கிரிப்டில் `a`, `b` என்று இரண்டு பிரதிகள் இருப்பது இதற்காகத்தான். `a` நாய்ஸ் நீக்கியது, முகம் தேடுவதும் மாற்றுவதும் அதில் நடக்கும். `b` நாய்ஸோடு இருப்பது, பார்வையாளர் கடைசியில் பார்க்கப்போவது அந்தத் தோற்றத்தைத்தான். அதனால் `a` கொஞ்சம் மெழுகாக இருந்தால் கவலையில்லை.

வி.எச்.எஸ் நாய்ஸ் புள்ளிப் புள்ளியாக இருக்காது. கேசட்டின் அலைவரிசை குறுகலானது, எனவே அது கிடைமட்டமாக இழுபட்ட கீற்றுகளாக வரும். ஒரே ஃபிரேமுக்குள் பார்த்து நீக்கும் ஃபில்டர்கள் அந்தக் கீற்றை உண்மையான விவரம் என்று நினைத்து விட்டுவிடும், அல்லது புருவத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஃபிரேம்களுக்கு இடையே ஒப்பிட்டு நீக்குபவைதான் இங்கே எடுபடும். `tr=2` என்றால் முன்னும் பின்னும் இரண்டு ஃபிரேம். `thSAD` எவ்வளவு வலுவாக நீக்க வேண்டும் என்பதைச் சொல்லும், நிறத்துக்கு அதே வேலையைச் செய்வது `thSADC`. நிறத்தில் நாய்ஸ் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் அது இரட்டிப்பு.

அதிகமாகிவிட்டதா என்று அறிய உதட்டைப் பாருங்கள். பேசுபவர் ‘ப’, ‘ம’ சொல்லும் இடங்களில் உதடு முழுதாக மூடியிருப்பது சில ஃபிரேம்கள்தான். `b`-யில் மூடிய உதடு `a`-யில் லேசாகத் திறந்தே இருந்தால், அக்கம்பக்கத்து ஃபிரேம்கள் அதை விழுங்கிவிட்டன என்று பொருள். `thSAD` குறையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் புது முகம் வாயை மூடாமலே ‘அம்மா’ என்று சொல்லும்.

கன்னத்தின் சிவப்பு முகத்தை விட்டு வலப்பக்கம் வழிகிறது. இதையும் சரிசெய்ய வேண்டுமா?

கட்டாயம். புது முகத்தின் நிறத்தை மென்பொருள் பழைய முகப்பகுதியிலிருந்துதான் சரிபார்க்கிறது. நிறம் பக்கத்துச் சுவரின் மேல் கிடந்தால் புது முகம் வெளிறிப்போகும். கேசட்டை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் கீழேயும் இறங்கும், நகலின் நகலில் இது பளிச்சென்று தெரியும். டீஇன்டர்லேஸ் முடிந்த பிறகு `chromashift=cbh=-2:crh=-2:cbv=-2:crv=-2` என்று எஃப்எஃப்எம்பெக்கில் தொடங்கி, உதட்டின் சிவப்பு உதட்டிலேயே உட்காரும் வரை எண்ணை மாற்றிப் பாருங்கள். எதிர்மறை எண் இடப்பக்கமும் மேலேயும் தள்ளும். நிறத்தின் மங்கலை மட்டும் சரிசெய்ய முடியாது, வி.எச்.எஸ் பதிவு செய்ததே அவ்வளவுதான்.

முதலில் ஏஐ வைத்து 4கே ஆக்கிவிட்டு, முகத்தையும் தெளிவாக்கிவிட்டு மாற்றினால் நன்றாக வருமல்லவா?

வராது. `inswapper_128` போன்ற மாதிரிகள் முகத்தை 128×128 சதுரத்துக்குள் கொண்டுவந்துதான் வேலை செய்கின்றன. 70 பிக்சல் முகத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தாலும் அது திரும்பவும் 128 ஆகச் சுருங்கும்.

ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் போன்ற முகச் சீரமைப்பிகள் இன்னும் ஆபத்து. இல்லாத பல்லையும் கண்மணியையும் அவை ஊகித்து வரைகின்றன, அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும் தனியாக. பார்வை எங்கோ திரும்பும், அடுத்த ஃபிரேமில் வேறெங்கோ. பேசியவரின் உண்மையான முகபாவத்தைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு, அதை முதல் படியிலேயே தொலைக்க வேண்டாம்.

முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு மின்னிப்போகிறது. அந்த ஃபிரேமில் முகமே கண்டுபிடிக்கப்படுவதில்லை.

டிராப்அவுட், காந்தப் பூச்சு உதிர்ந்த இடம். ஒரே ஃபீல்டில்தான் பெரும்பாலும் இருக்கும், ஆனால் QTGMC அதைப் பக்கத்து ஃபிரேம்களிலும் லேசாகப் பூசிவிடும். சில இடங்கள் மட்டும் என்றால் `a`-யில் அந்த ஃபிரேமின் முகப்பகுதியை முந்தைய ஃபிரேமிலிருந்து கையால் ஒட்டிவிடுங்கள். தானாக நீக்கும் ஃபில்டர்கள் சிமிட்டும் கண்ணையும் அழுக்கு என்று அழிக்கும், 40 வினாடிக் காட்சிக்கு அவை வேண்டாம்.

மாற்றிய முகம் மட்டும் வழவழவென்று, சுற்றிலும் நாய்ஸாக இருக்கிறது. எப்படிக் கலப்பது?

`a`-வுக்கும் `b`-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கேசட்டின் நாய்ஸ். அதை எடுத்து வைத்து, முகம் மாற்றிய பின் மேலே சேர்த்துவிடுங்கள். முன்னே கொடுத்த ஸ்கிரிப்டில் `return` வரிக்குப் பதிலாக:

```
diff = mt_makediff(b, a, chroma="process")
s = AviSource("swapped.avi").ConvertToYV16(matrix="Rec601")
mt_adddiff(s, diff, chroma="process")
```

முகத்துக்கு வெளியே `s` என்பது `a`-தான், அதில் வித்தியாசத்தைக் கூட்டினால் `b` திரும்பி வந்துவிடும், மாஸ்க்கே தேவையில்லை. முகத்துக்குள் அதே கேசட்டின் கீற்று நாய்ஸ் விழும். செயற்கை கிரெயின் எதுவும் இதற்கு இணையாகாது. முகமாற்றத்துக்கு ஃபிரேம்களை ஆர்.ஜி.பி ஆக மாற்றியபோதும் இதே Rec601 இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் முழுதும் சற்று நகரும்.

ஆனால் நம் காட்சிக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. `a`-யில் நாய்ஸை அதிகமாக நீக்கியிருந்தால் பழைய முகத்தின் விளிம்புகளும் `diff`-க்குள் போயிருக்கும். அதைக் கூட்டும்போது மறைக்க வேண்டிய முகத்தின் கண்ணும் மூக்கும் மெல்லிய கோடாக மேலே வந்துவிடும். எனவே `diff`-ஐத் தனியாகத் திரையில் போட்டு, காண்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வெறும் கீற்றுகள் மட்டும் தெரிய வேண்டும். முகம் போல ஏதாவது தெரிந்தால், அந்தப் பகுதியில் மட்டும் பக்கத்துச் சுவரின் நாய்ஸை எடுத்து நிரப்புங்கள்.

ஒரு ஃபிரேமும் தவறவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஓடவிட்டுப் பார்த்தால் தெரியாது. 1/50 வினாடி நிஜ முகம் வந்துபோவதைக் கண் எளிதில் தவறவிடும், ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். முதலில் எண்ணிக்கை. 2000 ஃபிரேமுக்கு 2000 முகம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், விடுபட்ட எண்களைப் பட்டியலிடுங்கள். பெரும்பாலும் அவை கை முகத்தைக் கடக்கும் இடம், முழுப் பக்கவாட்டில் திரும்பும் இடம், டிராப்அவுட் இந்த மூன்றில்தான் சேரும். அப்புறம் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பின்னால் இருப்பவரின் முகம் எடுக்கப்பட்டிருக்கலாம், எனவே எடுத்த முகங்களைச் சிறு படங்களாகப் பரப்பி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டுத் திருப்பத்தில் மூக்கின் விளிம்பு மாஸ்க்கைத் தாண்டி நிஜமாகவே நிற்கும். அங்கே மாஸ்க்கைக் கையால் விரிப்பதைத் தவிர வழியில்லை. அதுவும் சரிவராவிட்டால் அந்த ஷாட்டை வெட்டுங்கள்.

வேலை முடிந்ததும் திரும்ப இன்டர்லேஸ் ஆக்க வேண்டுமா?

ஒளிபரப்புக்கு 25 ஃபிரேம் இன்டர்லேஸ் கேட்டால் மட்டும். எஃப்எஃப்எம்பெக்கில் `tinterlace=mode=interleave_top` ஃபில்டர் 50 ஃபிரேமைத் திரும்பப் பின்னிக் கொடுக்கும். அதற்கு முன் படத்தை 576 வரிக்குக் கொண்டுவர, வெட்டிய 12 வரிகளைக் கறுப்பாகத் திரும்பச் சேருங்கள், நீட்ட வேண்டாம். இணையத்துக்கு என்றால் 50 ஃபிரேமாகவே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் கோப்புறையில் `a`, `b`, எடுத்த முகப்படங்கள் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.